எடிட்டிங்கில் குரல் வேகமாகவோ இழுவையாகவோ ஒலித்தால்: சாம்பிள் ரேட் பிழையைப் பிடிக்கும் வழி

மார்கழி வந்துவிட்டால் சென்னையில் சின்னச் சின்ன எடிட்டிங் அறைகளுக்கு ஒரே மாதிரியான வேலை நிறைய வரும். சபாவில் கேமராவில் எடுத்த வீடியோ ஒரு பக்கம், மிக்ஸரிலிருந்து தனியாகப் பதிவு செய்த ஆடியோ இன்னொரு பக்கம். இரண்டையும் டைம்லைனில் வைத்துப் போட்டால், சில சமயம் பாடகியின் குரல் அவருடைய குரலாகவே இருக்காது. கீச்சென்று மேலே போய் வேகமாக ஓடும், இல்லையென்றால் கனத்துப்போய் இழுக்கும். இரைச்சல் இருக்காது, உடைசல் இருக்காது. மைக்கிலும் மிக்ஸிங்கிலும் குறை சொல்ல எதுவும் இருக்காது. சுருதியும் காலப்பிரமாணமும் மட்டும் சேர்ந்தே மாறியிருக்கும்.

இரண்டும் சேர்ந்தே மாறியிருப்பதுதான் முதல் தடயம். எடிட்டிங் மென்பொருளில் சுருதியைக் காக்கும் அமைப்போடு யாராவது வேகத்தை மாற்றியிருந்தால் சுருதி அப்படியே இருக்கும், நேரம் மட்டும் மாறும். சுருதியை மாற்றியிருந்தால் நேரம் அப்படியே இருக்கும். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறியோ இறங்கியோ இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சாம்பிள் ரேட்.

டிஜிட்டல் ஆடியோ என்பது வரிசையாக அடுக்கிய எண்கள். வினாடிக்கு எத்தனை எண்கள் என்பதுதான் சாம்பிள் ரேட். சிடி வழக்கப்படி 44,100, வீடியோ வழக்கப்படி 48,000. இந்த விவரம் அந்த எண்களுக்குள் எங்கும் இல்லை. வேவ் கோப்பின் தலைப்பகுதியில் தனியாக ஒரு இடத்தில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். பிளேயர் அதை அப்படியே நம்பும். 48,000 என்று எடுத்த சாம்பிள்களுக்கு மேலே 44,100 என்று எழுதியிருந்தால், ஒரு வினாடியில் ஒலிக்க வேண்டியதைப் பிளேயர் சற்று நீட்டி, 1.088 வினாடியில் ஒலிக்கும். டப்பாவுக்குள் இருக்கும் சரக்கு சரியானது, மேலே ஒட்டிய சீட்டுதான் தப்பு. கெட்டுப்போனது சீட்டு மட்டும் என்பதால், தரத்தில் துளியும் குறையாமல் இதைச் சரிசெய்ய முடியும்.

அதனால்தான் இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று, காதால் கேட்டுக் கேட்டு வேகத்தையும் சுருதியையும் நகர்த்திச் சரிசெய்வது. நீட்டிச் சுருக்கும் கருவிகள் மிருதங்கத்தின் அடிகளை மழுங்கடிக்கும், வயலினின் கமகத்தில் ஒரு தண்ணீர்த்தன்மையைக் கொண்டுவரும். இரண்டு, கோப்பை 48,000-க்கு ‘கன்வர்ட்’ செய்வது. எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் இது எதையும் சரிசெய்யாது. கன்வர்ட் செய்யும் மென்பொருளும் தப்பான சீட்டைத்தான் நம்புகிறது. இழுவையாக ஒலிக்கும் ஒலியை, அதே இழுவையோடு, புது ரேட்டில் எழுதித் தரும். இப்போது கோப்பைத் திறந்து பார்த்தால் 48,000 என்று ஒழுங்காகக் காட்டும், ஆனால் குரல் மட்டும் இன்னும் இழுக்கும். தடயமும் போய்விடும்.

முதலில் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

எவ்வளவு வேகம், எவ்வளவு இழுவை என்பதை எண்ணாகத் தெரிந்துகொண்டால் காரணம் தானாகவே வெளியே வரும். இதற்கு மூன்று வழிகள் உண்டு.

நம்பகமானது நேரத்தை அளப்பது. கேமரா வீடியோவில் அதன் சொந்த மைக்கின் ஒலி இருக்கும். அது கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் அதன் நேரம் சரியாக இருக்கும். கச்சேரியின் தொடக்கத்தில் ஒரு கூர்மையான சத்தத்தையும், முடிவில் இன்னொன்றையும் தேர்ந்தெடுங்கள். மிருதங்க அடி நல்லது, கைதட்டலின் முதல் ஒலியும் பரவாயில்லை. இரண்டுக்கும் இடையில் கேமராவில் எத்தனை வினாடி, ஆடியோ கோப்பில் எத்தனை வினாடி என்று பார்த்து, ஆடியோ நேரத்தைக் கேமரா நேரத்தால் வகுங்கள். கோப்பின் மொத்த நீளத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ரெக்கார்டரை யார் எப்போது அழுத்தினார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இரண்டாவது வழி, கர்நாடக இசைக்கு அழகாகப் பொருந்துவது: சுருதி. பாடகி 5 கட்டையில் பாடுபவர் என்றால் ஷட்ஜம் G. தம்புரா மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளை ட்யூனர் செயலிக்குக் கேட்கக் கொடுங்கள். G-க்குப் பதிலாக F#-க்கும் F-க்கும் நடுவில் முள் தடுமாறினால், ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் இறங்கியிருக்கிறது. 44,100-க்கும் 48,000-க்கும் உள்ள இடைவெளி சரியாக இதுதான், கணக்குப்படி 1.47 ஸ்வரஸ்தானம். எந்தச் சுருதிப்பெட்டியிலும் யாரும் தெரிந்தே வைக்காத இடம் அது. கச்சேரி சுருதி தப்பான கட்டையில் விழாமல், இரண்டு கட்டைக்கு நடுவில் தொங்கினால் சாம்பிள் ரேட்டைச் சந்தேகப்படுங்கள். ஒரு எச்சரிக்கை: சில கலைஞர்கள் அன்றைய குரலுக்கு ஏற்பச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைப்பார்கள். அதனால் சுருதியை வைத்துச் சந்தேகத்தை எழுப்பலாம், முடிவு சொல்ல நேரத்தை அளந்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, கேமராவும் இல்லை, சுருதியும் தெரியாது என்ற நிலைக்கு. பேட்டி, பாட்காஸ்ட், வாய்ஸ் ஓவர் போன்றவற்றில் இந்த நிலை வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்திலும் வீட்டிலும் எடுத்த பதிவுகளில், கவனித்தால்தான் தெரியும் அளவுக்கு ஒரு மெல்லிய ‘ம்ம்ம்’ இருக்கும். யாரும் பேசாத பத்து வினாடியைத் தேர்ந்தெடுத்து, ஆடாசிட்டியில் Analyze மெனுவில் Plot Spectrum திறந்து, Size-ஐ 65536 என்று வையுங்கள். 50-லும் 100-லும் சிறு கூர்முனைகள் தெரிந்தால் வேகம் சரி. அவை 46-க்கும் 92-க்கும் அருகில் இறங்கியிருந்தால் 48,000 சாம்பிள்களுக்கு 44,100 சீட்டு. 54.4-க்கும் 108.8-க்கும் ஏறியிருந்தால் அதற்கு நேர்மாறு. பெரும்பாலும் 50-ஐ விட 100-இல் இருக்கும் முனைதான் தெளிவாகத் தெரியும். மண்டபம் அன்று ஜெனரேட்டரில் ஓடியது என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். ஜெனரேட்டரின் அதிர்வெண் 50-இல் நிற்கும் என்று உறுதி இல்லை.

அறிகுறி: குரல் கனத்து, எல்லாமே சற்று இழுக்கிறது

இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும். கச்சேரிப் பதிவுகளில் வருவது இது. ஆளை ஏமாற்றுவதும் இதுதான். இரண்டு மடங்கு வேகமாக ஓடினால் யாருக்கும் தெரிந்துவிடும். எட்டு சதவீதம் இழுத்தால், பாடகியை முன்பு கேட்டிராதவர் ‘நிதானமான கச்சேரி போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு எடிட் செய்யத் தொடங்கிவிடுவார். வீடியோவோடு உதட்டசைவு ஒட்டாதபோதுதான் விஷயம் வெளியே வரும்.

மயிலாப்பூரில் ஒரு மாலைக் கச்சேரி. வடபழனியில் ஒரு தம்பி எடிட் செய்ய எடுத்துக்கொண்டார். வர்ணத்தின் முதல் மிருதங்க அடியைக் கேமரா ஒலியோடு ஒட்டினார், சரியாக உட்கார்ந்தது. அடுத்த கீர்த்தனையிலேயே நிமிடக்கணக்கில் விலகிவிட்டது. அந்த முதல் அடியிலிருந்து மங்களத்தின் கடைசி அடி வரை கேமராவில் 1 மணி 48 நிமிடம் 20 வினாடி, அதாவது 6,500 வினாடி. ஆடியோவில் அதே இரண்டு அடிகளுக்கு இடையில் 1 மணி 57 நிமிடம் 55 வினாடி, அதாவது 7,075. வகுத்தால் 1.0885. 48,000-ஐ 44,100-ஆல் வகுத்தால் 1.0884. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று, கட்டளை தட்டி ஓட்டும் ffmpeg என்ற இலவச மென்பொருளோடு வரும் ffprobe-ஐ வைத்து அடுத்துப் பார்த்தார்:

```
ffprobe -v error -show_entries stream=sample_rate,channels,duration kutcheri.wav
```

sample_rate=44100 என்று வந்தது. ஆக, சாம்பிள்கள் 48,000 வேகத்தில் வந்திருக்கின்றன, சீட்டு 44,100 என்று இருக்கிறது. எங்கே மாறியது என்று தெரிந்துகொள்ள சபாவில் ஆடியோ பார்த்தவருக்குப் போன் செய்தார்.

“அண்ணா, மிக்ஸர் எந்த ரேட்டில் ஓடியது?”

“48-தான் தம்பி. வீடியோவுக்கு அதுதான் வேணும்னு கேட்டாங்க, மாத்தி வச்சோம்.”

“லேப்டாப்பில் செஷன்?”

“அது எப்பவும் வச்சிருக்கிற டெம்ப்ளேட்… 44.1-ஆ இருக்கும்.”

மிக்ஸரிலிருந்து லேப்டாப்பின் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு ஆப்டிகல் கேபிள் போயிருந்தது. இந்த மாதிரி இணைப்பில் இரண்டு கருவிகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் இடையிடையே ‘டிக் டிக்’ என்று உடையும். அதனால் இன்டர்ஃபேஸின் கடிகாரத்தை உள்ளே வைக்காமல், கேபிளில் வரும் மிக்ஸரின் கடிகாரத்தைப் பின்பற்றும்படி Clock Source-ஐ ADAT என்று வைத்திருந்தார்கள். அது சரியான அமைப்புதான். அப்படி வைத்ததும் இன்டர்ஃபேஸ் 48,000-இல் ஓடத் தொடங்கிவிடும், லேப்டாப் செஷன் என்ன சொன்னாலும் அது கேட்காது. ரெக்கார்டிங் மென்பொருளோ தன் செஷனில் இருக்கும் 44,100-ஐ நம்பி, வந்த சாம்பிள்களை அப்படியே எழுதி, தலைப்பகுதியில் 44,100 என்று போட்டு மூடிவிடுகிறது. சில மென்பொருள்கள் இந்த முரண்பாட்டைக் கண்டு எச்சரிக்கும், சில எச்சரிக்காது. பதிவு நடக்கும்போது ஹெட்ஃபோனில் கேட்டாலும் தெரியாது, ஏனென்றால் உள்ளே வருவதும் வெளியே போவதும் அப்போது ஒரே கடிகாரத்தில்தான். அந்த லேப்டாப்பிலேயே, அதே கேபிள் செருகிய நிலையில், திரும்பப் போட்டுக் கேட்டாலும் சரியாகத்தான் ஒலிக்கும். கோப்பு வேறு கம்ப்யூட்டருக்குப் போன பிறகே குறை தெரியும். “இங்க கேட்டப்ப நல்லா இருந்துச்சே” என்று ஆடியோ பார்த்தவர் சொன்னால் அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

இனி சரிசெய்வது எளிது. சீட்டை மட்டும் மாற்ற வேண்டும்:

```
ffmpeg -i kutcheri.wav -af asetrate=48000 -c:a pcm_s24le kutcheri_48k.wav
```

asetrate சாம்பிள்களைத் தொடாது, ‘இது 48,000’ என்று பெயரை மட்டும் மாற்றும். பின்னால் உள்ள pcm_s24le எதற்கென்றால், அது இல்லாவிட்டால் வேவ் கோப்பு 16 பிட்டாக எழுதப்படும். மூலக் கோப்பு 24 பிட்டாக இருந்தால் அதைக் காப்பாற்ற வேண்டும். இதே இடத்தில் -ar 48000 என்று போட்டால் அது கன்வர்ட், அதாவது மேலே சொன்ன பொறி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கட்டளையை நகலெடுக்கும்போது கவனம் வேண்டும்.

கட்டளை தட்டப் பிடிக்காதவர்களுக்கு: ஆடாசிட்டியில் ட்ராக்கின் பெயரை ஒட்டி இருக்கும் மெனுவைத் திறந்து Rate என்பதில் 48000 தேர்ந்தெடுங்கள். அலைவடிவம் கண்ணெதிரே சுருங்கும், அப்படிச் சுருங்கினால் சரி. Tracks மெனுவில் இருக்கும் Resample வேறு வேலை செய்வது, அதைத் தொட வேண்டாம். அடோபி ஆடிஷனில் Edit மெனுவில் Interpret Sample Rate என்பதுதான் தேவையானது. பக்கத்திலேயே இருக்கும் Convert Sample Type அல்ல.

குரல், வயலின், மிருதங்கம், கடம், தம்புரா என்று தனித்தனி ட்ராக்குகளாக வந்திருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையை ஓட்டி, புது ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய செஷனைத் திறந்து அதற்குள் ஒவ்வொன்றாக மாற்றப் போகாதீர்கள். 48,000-இல் புதுச் செஷன் திறந்து, எல்லா ட்ராக்குகளையும் பூஜ்யத்திலிருந்து அடுக்குங்கள். பதிவு ஒரே நேரத்தில் தொடங்கியது என்பதால் அவை ஒன்றோடொன்று தாமாகவே பொருந்திவிடும்.

மேலே சொன்ன தம்பி சரிசெய்த கோப்பில் அதே இரண்டு அடிகளுக்கு இடையில் அளந்தபோது 6,500 வினாடி வந்தது. ட்யூனர் முள்ளும் G-இல் போய் நின்றது.

கன்வர்ட் செய்த கோப்பு மட்டும்தான் உங்கள் கைக்கு வந்திருக்கிறது, மூலம் அழிந்துவிட்டது என்றால்? அதற்கும் வழி உண்டு. கோப்பு 48,000 என்று காட்டும், ஆனால் விகிதம் 1.088 என்றே வரும். முதலில் 44,100-க்குத் திரும்பக் கொண்டுபோய், பிறகு சீட்டை மாற்ற வேண்டும்:

```
ffmpeg -i kutcheri_conv.wav -af aresample=44100,asetrate=48000 -c:a pcm_s24le kutcheri_fix.wav
```

இதில் இரண்டு முறை கன்வர்ட் ஆகிறது, அதனால் மூலத்துக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீட்டிச் சுருக்கும் கருவியைவிடப் பல மடங்கு மேல். மூலக் கோப்பைக் கேட்டு வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள்.

அறிகுறி: குரல் சற்று மேலே போய், வேகமாக ஓடுகிறது

விகிதம் 0.919 அருகே வந்தால் 44,100 சாம்பிள்கள் 48,000 வேகத்தில் ஓடுகின்றன. ஒரு மணி நேரப் பேச்சு 55 நிமிடம் 7 வினாடியில் முடிந்துவிடும். ஆண் குரல் இளைஞன் குரலாகும், பெண் குரல் குழந்தைக் குரலாகும்.

இங்கே இன்னொரு கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்: கோப்பைத் தனியாக, போனிலோ சாதாரண பிளேயரிலோ போட்டால் எப்படி ஒலிக்கிறது? அங்கே சரியாக ஒலித்து, எடிட்டிங் செஷனுக்குள் மட்டும் வேகமாக ஓடினால், கோப்பின் சீட்டில் தப்பே இல்லை. செஷன் அதைப் படிக்காமல் சேர்த்திருக்கிறது. ஆடாசிட்டி, ரீப்பர் போன்றவை வெவ்வேறு ரேட் கோப்புகளை ஒரே செஷனில் ஓட்டும்போது தாமாகவே மாற்றிக்கொள்ளும். புரோ டூல்ஸ் செஷனில் கன்வர்ட் செய்யாமல் அப்படியே சேர்த்தால், எல்லாக் கோப்பையும் செஷனின் ரேட்டிலேயே ஓட்டும். 48,000 செஷனில் ஒரு சிடி பாடலைச் சேர்த்தால் அது மட்டும் ஒன்றரை ஸ்வரஸ்தானம் மேலே ஒலிப்பது இதனால்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் கன்வர்ட்தான் சரியான மருந்து: அந்த கிளிப்பை நீக்கிவிட்டு, இம்போர்ட் செய்யும்போது கன்வர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி சேருங்கள். சீட்டு சரியாக இருந்தால் கன்வர்ட், சீட்டு தப்பாக இருந்தால் சீட்டை மாற்றுவது. போனில் போட்டுக் கேட்கும் ஒரு நிமிடம் இந்த இரண்டில் எது என்று சொல்லிவிடும்.

போனிலும் வேகமாகவே ஒலித்தால் சீட்டுதான் தப்பு. மேலே உள்ள அதே கட்டளையில் asetrate=44100 என்று மாற்றி ஓட்டுங்கள். வீடியோ டைம்லைனுக்கு 48,000 வேண்டுமென்றால் அதன் பின்னால் கமா போட்டு aresample=48000 சேர்த்துக்கொள்ளலாம். சீட்டைத் திருத்திய பிறகு கன்வர்ட் செய்வதில் தவறில்லை, வரிசைதான் முக்கியம்.

அறிகுறி: நிஜமான சிப்மங்க் குரல்

கார்ட்டூனில் வரும் அணில்கள் பேசுவது போல, சொற்களே புரியாத வேகம் என்றால் விகிதம் பாதியோ அதற்கும் கீழோ இருக்கும். சங்கீதக் காது உள்ளவர்கள் அளக்காமலேயே சொல்லிவிடலாம். ஷட்ஜம் மேல் ஷட்ஜமாக ஒலித்தால் இரண்டு மடங்கு வேகம்: 48,000 கோப்பு 96,000-ஆக ஓடுகிறது. ஷட்ஜம் பஞ்சமமாக ஒலித்தால் ஒன்றரை மடங்கு: 32,000 கோப்பு 48,000-ஆக ஓடுகிறது. மேல் ஸ்தாயிப் பஞ்சமமாக ஒலித்தால் மூன்று மடங்கு: 16,000 கோப்பு 48,000-ஆக ஓடுகிறது. கீழ் ஷட்ஜமாக, பாதி வேகத்தில் ஊர்ந்தால் 96,000-இல் எடுத்ததை 48,000 என்று படிக்கிறது.

மூன்று மடங்கு வேகம் வந்தால் புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பாருங்கள். மைக்கைப் பயன்படுத்தும் நிலைக்கு மாறியதும் பல ஹெட்செட்டுகள் 16,000-க்கோ, பழையவை 8,000-க்கோ இறங்கிவிடும். வழக்கமாக கம்ப்யூட்டர் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மாற்றித் தரும், குரல் மங்கலாக இருக்குமே தவிர வேகம் மாறாது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மாற்றம் நடந்தால் சில மென்பொருள்கள் அதைக் கவனிப்பதில்லை. ஒரே கோப்பில் முதல் சில நிமிடம் நன்றாக இருந்து, திடீரென்று ஒரு இடத்திலிருந்து கீச்சிடத் தொடங்கினால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தில் வெட்டி, பின்பாதிக்கு மட்டும் சீட்டை மாற்ற வேண்டும். வேகம் சரியாகும். ஆனால் 16,000-இல் எடுத்த குரலில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் இருக்காது, அந்த மங்கல் போகாது.

சரியாக இரண்டு மடங்கு என்றால் இன்னொரு காரணத்தையும் பார்த்துவிடுங்கள். தலைப்பகுதி இல்லாத ரா கோப்பை இம்போர்ட் செய்யும்போது, மோனோவை ஸ்டீரியோ என்று தேர்ந்தெடுத்தால் சாம்பிள்கள் இடம், வலம் என்று பங்கு போடப்பட்டு நேரம் பாதியாகும். இதில் சாம்பிள் ரேட்டைத் தொட வேண்டியதில்லை, சேனல் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுத்து மறுபடி திறந்தால் போதும்.

அறிகுறி: எந்தக் கோப்பைப் போட்டாலும் வேகம் தப்பு

நேற்று வரை சரியாக ஒலித்த பழைய கோப்புகளும் இன்று வேகமாகவோ இழுவையாகவோ ஒலித்தால் கோப்புகளைத் திருத்தப் போகாதீர்கள். தப்பு வெளியே ஒலிக்கும் கருவியில் இருக்கிறது. இன்டர்ஃபேஸ் வேறொரு கருவியின் கடிகாரத்தைப் பின்பற்றும்படி விடப்பட்டிருக்கும். சபாவிலிருந்து திரும்பிய இன்டர்ஃபேஸை அப்படியே வீட்டில் செருகினால் இப்படி ஆகலாம். அதன் கன்ட்ரோல் பேனலைத் திறந்து Clock Source-ஐ Internal என்று மாற்றுங்கள், செஷனின் ரேட்டையும் அதன் ரேட்டையும் ஒன்றாக்குங்கள். உறுதி செய்ய, அதே கோப்பை இன்டர்ஃபேஸ் வழியாக அல்லாமல் லேப்டாப் ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேளுங்கள்.

இதைப் போலத் தோன்றும், ஆனால் இது அல்ல

தொடக்கத்தில் உதட்டசைவு சரியாக ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்து மெல்ல விலகுகிறது, சுருதியில் காதுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அது சாம்பிள் ரேட் சீட்டின் தப்பு அல்ல. கேமராவின் கடிகாரமும் ரெக்கார்டரின் கடிகாரமும் தனித்தனிப் படிகங்களில் ஓடுகின்றன, அவை துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை. பத்து லட்சத்துக்கு இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே இரண்டு மணி நேரத்தில் 0.144 வினாடி விலகும். நாம் வழக்கமாக எடுக்கும் 25 ஃப்ரேம் வீடியோவில் அது மூன்றரை ஃப்ரேம், மிருதங்கக் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சீட்டைத் திருத்திய பிறகும் இந்தச் சிறு விலகல் மிச்சம் இருக்கலாம். அதைக் கண்டு முதல் திருத்தம் தப்போ என்று குழம்ப வேண்டாம். இந்த அளவுக்கு மட்டும் ஆடியோவைச் சுருக்கலாம், காதுக்குத் தெரியாது. அதைவிடச் சுத்தமான வழி, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கைதட்டல் வரும் இடத்தில் வெட்டி, அடுத்த பாட்டை மறுபடி ஒட்டிக்கொள்வது. கச்சேரிக்கு அந்த வசதி இருக்கிறது.

போனில் எடுத்த வீடியோ என்றால் இன்னொரு சிக்கல். போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், விலகல் ஒரே சீராக இல்லாமல் முன்னும் பின்னும் ஆடும். அப்போது ஆடியோவைத் தொடாமல் வீடியோவை நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டுங்கள்.

அடுத்த கச்சேரிக்கு முன்

ஆடியோ பார்க்கும் அண்ணனிடம் ‘48-ஆ’ என்று கேட்டால் மட்டும் போதாது. மிக்ஸரின் திரை, இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனல், லேப்டாப் செஷன் ஆகிய மூன்றிலும் அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். சவுண்ட் செக்கின்போது ஒரு சோதனைப் பதிவு எடுங்கள்: போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, மைக் முன்னால் ஒரு தட்டு, சரியாக ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தட்டு. அந்தக் கோப்பை பென்டிரைவில் எடுத்து, அந்த இன்டர்ஃபேஸோடு சம்பந்தமில்லாத வேறொரு லேப்டாப்பில் திறந்து, இரண்டு தட்டுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 60 வினாடி வந்தால் பதிவைத் தொடங்கலாம். 65.3 வந்தால் செஷன் 44,100-இல் நிற்கிறது, 55.1 வந்தால் மிக்ஸர். பாடகி மேடைக்கு வருவதற்குள் இதை மாற்றிவிட முடியும்.